சம்பளம் 7ஆம் தேதி, பில்கள் அதற்கு முன்பே: டியூ டேட்டை மாற்ற முடியுமா?

"எனக்குச் சம்பளம் 7ஆம் தேதிதான் வருகிறது. பைக் லோன் ஈஎம்ஐ 2ஆம் தேதி, ஹோம் லோன் 5, ஒரு கிரெடிட் கார்டு 3, இன்னொன்று 28. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் சம்பளத்துக்கு அப்புறம் தள்ளி வைக்க முடியுமா? அப்படி மாற்றினால் சிபில் ஸ்கோர் அடிபடுமா?"

கார்டுகளை மாற்றலாம், அது உங்கள் உரிமை. ஹோம் லோனை மாற்றும்படி கேட்கலாம், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம். பைக் லோனை மாற்றப் போராட வேண்டாம் என்பேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், இந்த மூன்றும் ஏன் மூன்று விதமாக நடக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எந்தத் தேதிக்கு மாற்றுவது? 7ஆம் தேதி சம்பளம் என்றால் பலரும் 8 கேட்பார்கள். கேட்காதீர்கள். சம்பளச் சட்டம் முதலாளிக்குக் கொடுக்கும் அவகாசமே பொதுவாக அடுத்த மாதம் 7 வரை. அதனால் உங்கள் நிறுவனம் கடைசி நாளில் போடுகிற நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் சிலர் வெள்ளிக்கிழமையே போடுவார்கள், சிலர் திங்கள்கிழமை போடுவார்கள். ஆனால் ஈஎம்ஐ எடுக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் எல்லா நாளும் ஓடுகிறது. அதிலும் பல வங்கிகளில் ஈஎம்ஐ அதிகாலையிலேயே கணக்கைத் தட்டும், சம்பளமோ மதியத்துக்கு மேல் வரும். முந்தின நாள் இரவே பணம் கணக்கில் கிடந்தால்தான் நிம்மதி. ஆகவே 10ஆம் தேதியோ அதற்கு ஓரிரு நாள் பிந்தியோ கேளுங்கள். அதற்காக 20ஆம் தேதி என்று தள்ளிப் போகவும் வேண்டாம். அதற்குள் சம்பளம் வேறு வழியில் கரைந்துவிடும், பழையபடி கைமாற்றுதான்.

இப்போது கார்டு. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த கிரெடிட் கார்டு விதிகளில், பில் சுழற்சியைத் தன் வசதிக்கு ஏற்ப ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, 'குறைந்தது ஒருமுறை' என்று ஆக்கினார்கள். ஹெல்ப்லைன், மின்னஞ்சல், நெட் பேங்கிங், மொபைல் ஆப் போன்ற வழிகளில் அதைச் செய்ய வசதி இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். எனவே கஸ்டமர் கேரில் "அப்படி வசதி இல்லை சார்" என்றால் அத்தோடு போனை வைக்க வேண்டியதில்லை. எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 'குறைந்தது ஒருமுறை' என்பதற்கு, ஒருமுறை மாற்றிய பிறகு அடுத்த முறை மறுக்கலாம் என்ற பொருளும் உண்டு. அதனால் தேதியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். வேலை மாறப் போகிறீர்கள் என்றால் புது இடத்தில் சம்பளம் எப்போது என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் மாற்றச் சொல்வது டியூ டேட்டை அல்ல, ஸ்டேட்மென்ட் போடும் தேதியை. டியூ டேட் அதிலிருந்து இத்தனை நாள் கழித்து என்று தானாக விழும். அந்த இடைவெளி வங்கிக்கு வங்கி வேறு, பல கார்டுகளில் 18 முதல் 20 நாள் வரை இருக்கும். கடைசி மூன்று ஸ்டேட்மென்ட்களை எடுத்து, ஸ்டேட்மென்ட் தேதிக்கும் டியூ டேட்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். உங்கள் முதல் கார்டில் ஜூன் 15 ஸ்டேட்மென்ட், ஜூலை 3 டியூ டேட் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 18 நாள். புது ஸ்டேட்மென்ட் தேதியாக 23 கேட்டால், ஜூன் 23க்கு ஜூலை 11, ஜூலை 23க்கு ஆகஸ்ட் 10, பிப்ரவரி 23க்கு மார்ச் 13 என்று வரும். எல்லா மாதமும் 10க்கும் 13க்கும் நடுவில் நிற்கும், அதுதான் நமக்கு வேண்டியது. இந்தக் கணக்கைப் போடாமல், டியூ டேட் என்று நினைத்து ஆப்பில் 10ஐத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 28ஆம் தேதி பில் கட்டும் நிலை வந்ததைப் பார்த்திருக்கிறேன். சில வங்கிகளின் ஆப் குறிப்பிட்ட சில தேதிகளை மட்டுமே காட்டும். 23 இல்லை என்றால் 22, 24 என்று பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் அந்த ஒரு மாதத்தில்தான் குழப்பம் நடக்கும். ஏற்கெனவே போட்டுவிட்ட ஸ்டேட்மென்ட்டின் டியூ டேட் மாறாது. ஜூலை 3க்கு உள்ளதை ஜூலை 3க்குள் கட்டியே ஆக வேண்டும். அதைக் கட்டிவிட்டு, ஜூலை 15க்கான அடுத்த ஸ்டேட்மென்ட் வருவதற்குள் விண்ணப்பிப்பது நல்லது. அப்போது இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, 15ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டை விட்டுவிட்டு ஜூன் 16 முதல் ஜூலை 23 வரை 38 நாள் செலவை ஒரே நீண்ட பில்லாகப் போடுவார்கள். இன்னொன்று, 15ஆம் தேதி வழக்கமான பில்லைப் போட்டுவிட்டு, 23ஆம் தேதி எட்டு நாளுக்கு ஒரு குட்டி பில்லும் போடுவார்கள். இரண்டாவது விதத்தில் முதல் பில் ஆகஸ்ட் 2லும் அடுத்தது ஆகஸ்ட் 10லும் விழும். கடைசியாக ஒருமுறை சம்பளத்துக்கு முன்னால் கட்ட வேண்டியிருக்கும், அதற்குப் பணம் எடுத்து வையுங்கள். உங்கள் வங்கி எந்த விதம் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். 'அதுதான் மாற்றிவிட்டோமே' என்று பழைய பாணி பில்லை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

28ஆம் தேதி கார்டு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் நகர்த்தல் பெரிது. ஸ்டேட்மென்ட் 10இலிருந்து 23க்குப் போகிறது, பதின்மூன்று நாள். நீண்ட பில் போடும் வங்கியாக இருந்தால் ஒரு மாதம் 28ஆம் தேதி எந்த பில்லும் வராது. கணக்கில் பணம் அப்படியே நிற்கும், மனசுக்கும் இதமாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் உங்களுடையது அல்ல. அடுத்த மாதம் 10ஐ ஒட்டி ஒன்றரை மாதச் செலவு ஒரே பில்லாக வந்து நிற்கும். மாதம் 20,000 ரூபாய் கார்டில் செலவழிப்பவருக்கு அது 28,000 போல இருக்கும். அதே வாரத்தில் இன்னொரு கார்டு, ஹோம் லோன் எல்லாம் சேர்ந்து விழும். அதனால் இரண்டு கார்டையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். முதலில் 3ஆம் தேதி கார்டு, அது ஒரு சுற்று ஒழுங்காக ஓடிய பிறகு 28ஆம் தேதி கார்டு.

இது எல்லாம் பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியை ஓட்டிக்கொண்டிருந்தால் தேதி மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை. பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலம் என்பதே கிடையாது, வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். தேதி எங்கே இருந்தாலும் அந்த மீட்டர் நிற்காது.

உங்களுக்கு உடனடியாக உதவக்கூடிய இன்னொரு விதியும் இருக்கிறது. கார்டு பில்லுக்குத் தாமதக் கட்டணம் போடுவதும், தவணை தவறியதாக சிபில் போன்ற நிறுவனங்களுக்குச் சொல்வதும், டியூ டேட் கடந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் செய்யலாம். 3ஆம் தேதி பில்லுக்கு 6 வரை அந்தக் கணக்கு. உங்கள் சம்பளம் 7. ஒரே ஒரு நாளில் தவறுகிறது, அதுதான் கொடுமை. இந்த மூன்று நாள் வட்டியைப் பற்றியது அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். முழுத் தொகையை டியூ டேட்டுக்குள் கட்டாவிட்டால் வட்டி போடுவதா வேண்டாமா என்பது அந்தந்த வங்கியின் நிபந்தனையைப் பொறுத்தது. கார்டோடு வந்த விதிமுறைத் தாளில் பாருங்கள்.

அப்புறம் ஆட்டோ டெபிட். கார்டு கொடுத்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்து, அங்கேயே ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் பெரும்பாலும் புது டியூ டேட்டைப் பின்தொடர்ந்து அதுவே நகர்ந்துவிடும். வேறு வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ மூலமோ 'மாதா மாதம் 2ஆம் தேதி' என்று நிலையாகப் போட்டு வைத்திருந்தால் அது நகராது. அதை நீங்கள்தான் நிறுத்திப் புதிதாகப் போட வேண்டும்.

இனி ஹோம் லோன். ஈஎம்ஐ தேதியை மாற்றித் தர வேண்டும் என்று கார்டுக்கு உள்ளது போல ஒரு விதி கடனுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதி அது. சில இடங்களில் 5, 10, 15 என்று சில நிலையான தேதிகள் வைத்திருப்பார்கள், அவற்றுக்குள் மாற்றித் தருவார்கள். சில இடங்களில் ஒரு கட்டணம் வாங்குவார்கள், சில இடங்களில் கிளை மேலாளர் ஒரு கடிதத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். புதுக் கடன் வாங்கும்போது கேட்டால் பிரச்சினையே இல்லை, பாரத்தில் ஒரு கட்டம்தான். பாதியில் கேட்கும்போதுதான் வேலை. கடிதத்தில் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்: சம்பளம் 7ஆம் தேதி வருகிறது, சம்பளத்துக்குப் பிந்திய தேதி வேண்டும், கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் இணைத்திருக்கிறேன், அவ்வளவு போதும். 'ஒரு தவணை விட்டுத் தாருங்கள்' என்று அதிலேயே சேர்த்துவிடாதீர்கள். அது வேறு விஷயம். பணக் கஷ்டத்தால் தவணையைத் தள்ளிவைப்பது மறுசீரமைப்பு என்ற பட்டியலுக்குள் போகலாம், அது கடன் அறிக்கையில் தெரியும்.

செலவு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 28 லட்சம் பாக்கி, வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 வருடம், ஈஎம்ஐ சுமார் 27,570 என்று வைத்துக்கொள்வோம். 5இலிருந்து 10க்கு மாற்றினால் ஐந்து நாள் வட்டி கூடுகிறது. 28 லட்சத்துக்கு ஐந்து நாள் வட்டி சுமார் 3,260 ரூபாய். சில வங்கிகள் இதை மாற்றும் மாதத்தில் ஒரே தடவையாகக் கேட்கும். கேட்டதும் 'இது என்ன கொள்ளை' என்று தோன்றும். வேறு சில வங்கிகள் தினசரி பாக்கியின் மேல் கணக்கிட்டு மாதக் கடைசியில் வட்டியைப் பற்று வைக்கும். அங்கே ஒரு ரூபாய்கூடத் தனியாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஈஎம்ஐயும் ஐந்து நாள் பிந்தி வருவதால் அந்தத் தொகைக்கு ஐந்து நாள் வட்டி, அதாவது மாதம் சுமார் 32 ரூபாய், சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். 15 வருடம் மாதம் 32 என்பதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் அதே 3,260தான். இரண்டும் ஒன்றே, கேட்கும் விதம்தான் வேறு. தவிர்க்க வேண்டியது ஒன்றுதான். ஒரே தடவையாக வாங்கும் வங்கியில் அந்த 3,260ஐக் கட்டாமல், அசலோடு சேர்த்துவிடச் சொல்வது. 15 வருட வட்டியோடு அது பதினோராயிரத்துக்கு மேல் போய் நிற்கும். கையோடு கட்டிவிடுங்கள். ஒரு ஈஎம்ஐ பவுன்ஸ் ஆனால் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், உங்கள் கணக்கு இருக்கும் வங்கி ஒரு கட்டணம், இரண்டிலும் ஜிஎஸ்டி என்று போவதை நினைத்தால், வருடத்துக்கு நாலைந்து தடவை பவுன்ஸ் ஆகிறவருக்கு இந்த 3,260 சீக்கிரமே திரும்பிவிடும். பவுன்ஸே ஆகாமல் சமாளிக்கிறவர் என்றால் மாற்றுவது நிம்மதிக்காக மட்டும்தான், அதற்கு இந்த விலை சரியா என்று நீங்களே பாருங்கள்.

கார்டுக்கு உள்ள மூன்று நாள் சலுகை கடனுக்குக் கிடையாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லிவிட்டது: டியூ டேட் அன்று வங்கியின் நாள் முடிவுக் கணக்கு ஓடும்போது பணம் வரவில்லை என்றால், அன்றே அந்தக் கணக்கு தவணை கடந்தது. 5ஆம் தேதி ஈஎம்ஐயை 8ஆம் தேதி கட்டும் பழக்கம் இருந்தால், அந்த மூன்று நாள் கணக்கில் எண்ணப்படுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியை மாற்ற வங்கி ஒப்புக்கொண்டால், உங்கள் கணக்கிலிருந்து ஈஎம்ஐ எடுத்துக்கொள்ள நீங்கள் எழுதிக் கொடுக்கும் அனுமதியான மேண்டேட்டில் கவனமாக இருங்கள். கடன் வங்கியும் சம்பளக் கணக்கும் வேறு வேறு என்றால் பெரும்பாலும் புது நாச் மேண்டேட் கேட்பார்கள். அது பதிவாகச் சில நாள் ஆகும். அதற்குள் பழைய மேண்டேட்டை நீங்களே நெட் பேங்கிங்கில் ரத்து செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த மாத ஈஎம்ஐ எடுக்க வழியில்லாமல் பவுன்ஸ் கணக்கில் போகும். மாறாக இரண்டும் உயிரோடு இருந்தால் 5ஆம் தேதி ஒருமுறை, 10ஆம் தேதி ஒருமுறை என்று இரண்டு தடவை எடுத்துவிடவும் கூடும். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யூஎம்ஆர்என் என்று ஒரு எண் உண்டு. புது எண் உங்கள் வங்கியின் மேண்டேட் பட்டியலில் 'ஆக்டிவ்' என்று தெரிய வேண்டும், திருத்திய தவணை அட்டவணையும் கைக்கு வர வேண்டும். அந்த அட்டவணையில் முதல் தவணை 10ஆம் தேதி என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியான பிறகு பழையதை ரத்து செய்யச் சொல்லிக் கடன் வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். கவுண்டரில் 'மாத்தியாச்சு சார்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி 5ஆம் தேதி கணக்கைக் காலியாக வைக்காதீர்கள். முதல் மாதம் 4ஆம் தேதி இரவே ஒரு ஈஎம்ஐ அளவுக்குப் பணம் கிடக்கட்டும்.

பைக் லோன். ஃபைனான்ஸ் நிறுவனங்களின் வண்டிக் கடனில் தேதி மாற்றக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், ஒப்புக்கொண்டாலும் கட்டணம், புது மேண்டேட் என்று அலைச்சல். இன்னும் ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் முடிகிற சின்னக் கடனுக்கு அது தேவையில்லை. 2ஆம் தேதி ஈஎம்ஐயை அந்த மாதச் சம்பளத்தில் கட்டுவதாக நினைக்காமல், போன மாதம் 7ஆம் தேதி வந்த சம்பளத்தில் கட்டுவதாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்களிடம் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருந்தால், 10ஆம் தேதி ஈஎம்ஐ தொகை தானாக அங்கே போகும்படி நிரந்தர உத்தரவு போட்டுவிட்டு, பைக் லோன் மேண்டேட்டை அந்தக் கணக்கில் பதியச் சொல்லுங்கள். கணக்கு மாற்றத்துக்கு அவர்கள் அவ்வளவாக மறுப்பதில்லை. அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தொடங்கும்போது ஒரே ஒரு ஈஎம்ஐ கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். போனஸ் வரும் மாதத்தில் ஆரம்பித்தால் தெரியாது. நிறுவனத்தின் ஆப்பில் முன்கூட்டியே கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். அதில் ஒரு சிக்கல்: எடுக்க வேண்டிய பட்டியலை அவர்கள் சில நாள் முன்பே அனுப்பிவிடுவார்கள், நீங்கள் கட்டிய பிறகும் 2ஆம் தேதி கணக்கைத் தட்டுவார்கள். பணம் இல்லை என்றால் உங்கள் வங்கி அதற்கும் கட்டணம் எடுக்கும்.

சிபில் கேள்விக்கு வருகிறேன். பில் சுழற்சியை மாற்றுவதோ ஈஎம்ஐ தேதி ஐந்து நாள் நகர்வதோ தானாக ஸ்கோரைக் குறைக்காது. குறைப்பது, மாற்றும் மாதத்தில் தவறும் ஒரு தவணை. கடன் விவரங்கள் முன்பு மாதம் ஒருமுறை அனுப்பப்பட்டன, 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போகின்றன. அதனால் தவறு நடந்தால் சீக்கிரமே பதிவாகிவிடும். மாற்றி இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் ஒவ்வொரு கடனுக்கும் மாத வாரியாகத் தவணை கடந்த நாட்கள் இருக்கும். மாற்றிய மாதத்தில் 000 அல்லது STD என்று இருந்தால் சரி. 005 போல ஏதாவது இருந்தால், பழைய டியூ டேட்டை வைத்தே கணினி எண்ணியிருக்கிறது. திருத்திய அட்டவணையை இணைத்து, கடன் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் திருத்தம் கேட்டு எழுதுங்கள்.